பூக்கடைக் கணக்கில் தேதி, எடை, தொகையை ஒரே முறைக்குக் கொண்டுவருவது எப்படி?

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடை. விடியற்காலையில் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லியும் பிச்சியும் சாக்கில் வந்து இறங்கும்போது எடை போடுபவர் ஒருவர், சிட்டை எழுதுபவர் ஒருவர், மதியம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் இன்னொருவர். மூன்று பேருக்கும் மூன்று வழக்கம். ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்:

```
சிட்டை  தேதி         பூ      எடை     விலை   தொகை
101    03/04/2024   மல்லி   2-500   600    1,500/-
102    3.4.24       மல்லி   2-50    600    ரூ.1230
103    03-04-2024   பிச்சி   2-5     400    1000
104    13/04/2024   மல்லி   2.75    600    ₹1,650
105    14/4         முல்லை  1-250   400    500/-
```

எழுதியவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. கூட்டல் போடப் போகும் எக்செல்தான் ஒவ்வொரு வரியையும் வேறு வேறாகப் புரிந்துகொள்ளும். இந்தக் கட்டுரை எக்செல்லை வைத்துச் சொல்கிறது. விலைகள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை.

எந்த முறை என்பதை முதலில் எழுதி வையுங்கள்

திருத்தத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதுங்கள். தேதி: நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு, நடுவில் சிறு கோடு, அதாவது 03-04-2024. எடை: கிலோவில், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், அதாவது 2.500. தொகை: ரூபாயில் வெறும் எண். பார்வைக்கு 1,25,000 என்று நம் ஊர் வழக்கப்படி காற்புள்ளி வரலாம். ஆனால் அதைக் கையால் அடிக்கக் கூடாது, கட்டத்தின் வடிவமைப்பே போட வேண்டும். ‘ரூ.’, ‘/-’, ‘கிலோ’ போன்றவை தலைப்பில் ஒரு முறை இருந்தால் போதும்.

கோப்புப் பெயருக்கு மட்டும் 2024-04-03 என்று ஆண்டை முன்னால் வையுங்கள். பெயர் வரிசையில் அடுக்கினால் தேதி வரிசையும் தானாக அமைந்துவிடும்.

எதைத் தொடக் கூடாது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 12/24 என்ற சிட்டை எண், 45/2 என்ற சர்வே எண் எல்லாம் தேதி போலத் தெரியும்; தேதி அல்ல.

கோப்பைத் திறப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது

இந்த வேலையில் அதிகச் சேதம் நடப்பது திருத்தும்போது அல்ல, திறக்கும்போது. செல்போன் செயலியிலிருந்து வந்த `.csv` கோப்பை இரண்டு முறை தட்டித் திறந்தவுடனே, உங்களைக் கேட்காமல் எக்செல் ஒவ்வொரு கட்டத்தையும் ‘இது தேதி’, ‘இது எண்’ என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவு கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. பல கம்ப்யூட்டர்களில் அது அமெரிக்க வழக்கத்திலேயே விடப்பட்டிருக்கும். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு.

அதனால் 03/04/2024 மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2024 என்ன ஆகும்? பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே எடுக்காமல் எழுத்தாக விட்டுவிடும். ஆக ஒரே பத்தியில் பாதி தவறான தேதி, பாதி வெறும் எழுத்து. பிழைச் செய்தி எதுவும் வராது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஏப்ரல் மாதக் கணக்கில் 1 முதல் 12 வரையான நாள்கள் 4 ஜனவரி, 4 பிப்ரவரி, 4 மார்ச் என்று டிசம்பர் வரை பரவி நிற்கும். மாதங்கள் பல, நாள் மட்டும் எல்லா வரியிலும் 4. ஏப்ரல் 4 ஒன்றுதான் தப்பிக்கும். 13 முதல் 30 வரை கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும். உண்மையான தேதியும் எண்ணும் வலது ஓரத்தில் நிற்கும். தலைப்பில் வடிகட்டியைப் போட்டுப் பார்த்தாலும் தெரியும்: உண்மைத் தேதிகள் ஆண்டு, மாதம் என்று கிளை பிரிந்து வரும், எழுத்தாக இருப்பவை அவற்றின் கீழே தனித்தனியாகத் தொங்கும்.

எனவே கோப்பைத் தட்டித் திறக்காதீர்கள். வெற்று எக்செல் தாளைத் திறந்து `Data` பட்டியலில் `From Text/CSV` கொடுத்துக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். வரும் பெட்டியில் இரண்டு இடங்களை மாற்ற வேண்டும். `File Origin` என்பதில் `65001: Unicode (UTF-8)` இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘மல்லி’ கிறுக்கலாகத் தெரியும். `Data Type Detection` என்பதில் `Do not detect data types` தேர்ந்தெடுங்கள். பிறகு `Load`. இப்போது எல்லாக் கட்டமும் எழுதியபடியே, எழுத்தாக வந்து நிற்கும். தலைப்பு வரியும் ஒரு சாதாரண வரியாக இறங்கியிருக்கலாம், அதில் தவறில்லை. கீழே உள்ள சூத்திரங்களை மட்டும் சிட்டை 101 இருக்கும் வரியிலிருந்து தொடங்குங்கள். அது 2-ஆம் வரி என்று வைத்துக்கொண்டு இங்கே எழுதியிருக்கிறோம்.

பத்திகள் A சிட்டை, B தேதி, C பூ, D எடை, E விலை, F தொகை. G-ஐ வெறுமையாக விடுங்கள். H-இலிருந்து திருத்திய பத்திகள் வரும். B முதல் F வரை உள்ள எதையும் கடைசி வரை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். சந்தேகம் வரும்போது எழுதியவர் என்ன எழுதினார் என்று பார்க்க அந்தப் பத்திகள்தான் இருக்கின்றன.

தேதி

முதலில் புள்ளி, கோடு, சாய்கோடு மூன்றையும் ஒரே குறியாக்க வேண்டும். இதற்கு `Find & Replace` பக்கம் போக வேண்டாம். புள்ளியைச் சாய்கோடாக மாற்றிய அதே நொடியில் எக்செல் அந்தக் கட்டத்தை மறுபடி படித்துத் தன் வட்டார வழக்கப்படி தேதியாக்கிவிடக்கூடும். அப்படி நடந்தால் மேலே தவிர்த்த சேதம் புழக்கடை வழியாக உள்ளே வந்துவிடும். சூத்திரத்தால் செய்தால் விடை எழுத்தாகவே இருக்கும்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(TRIM(B2),".","/"),"-","/")
```

இதை H2-இல் போட்டுக் கீழே வரை இழுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியிலிருந்து வெட்டி ஒட்டிய வரிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. `TRIM` அதை நீக்காது. சில வரிகள் மட்டும் பிடிவாதமாக மாறவில்லை என்றால் B2 இருக்கும் இடத்தில் `SUBSTITUTE(B2,CHAR(160),"")` என்று போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஆண்டு இல்லாத வரிகள். 14/4 என்று விட்டால் எக்செல் நடப்பு ஆண்டைச் சேர்த்துவிடும். பழைய கணக்கைத் திருத்துபவருக்கு அது பொய்த் தேதி. 3/4/24 என்பதே ஆறு எழுத்து வரும். ஆகவே `=LEN(H2)<6` என்பது `TRUE` தரும் வரிகள் எல்லாம் ஆண்டு இல்லாதவை. H பத்தியை நகலெடுத்து அதே இடத்தில் `Paste Values` செய்த பிறகு, அந்த வரிகளுக்கு முன்பின் சிட்டைகளைப் பார்த்து ஆண்டைக் கையால் சேருங்கள். சேர்க்கும் முன் அந்தக் கட்டத்தை `Text` வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; மறந்தால் அங்கேயும் மாதம் முன்னால் வந்துவிடும்.

இப்போது H பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து `Data` பட்டியலில் `Text to Columns`. முதல் திரையில் `Delimited`, அடுத்ததில் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள், மூன்றாம் திரையில் `Date` என்பதைத் தொட்டுப் பக்கத்தில் `DMY` தேர்ந்தெடுத்து `Finish`. ‘நாள் முதலில், மாதம் அடுத்து’ என்று நீங்களே சொல்லிக்கொடுக்கும் இடம் இது. கம்ப்யூட்டரின் வட்டாரம் என்னவாக இருந்தாலும் பாதிப்பில்லை. பிறகு `Format Cells`, `Custom`, `dd-mm-yyyy`.

சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு கட்டத்தை `General` வடிவுக்கு மாற்றுங்கள். 03-04-2024 என்பது 45385 என்று காட்ட வேண்டும். எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வருகிறது; திரையில் தெரியும் தேதி அந்த எண்ணின் மேல் போர்த்திய உடை மட்டுமே. 45355 என்று காட்டினால் அது மார்ச் 4, எங்கோ புரண்டிருக்கிறது.

முழுப் பத்திக்கும் இரண்டு சோதனை போதும். சிட்டை எண் ஏறும்போது தேதி இறங்கக் கூடாது. ஆகவே `=H3<H2` என்பது `TRUE` தரும் இடங்களைப் பாருங்கள். புது ஆண்டு பிறந்த பிறகும் கை பழக்கத்தில் பழைய ஆண்டை எழுதிய ஜனவரி வரிகள் இதில் சிக்கும். இரண்டாவது, `=COUNT(H2:H500)` தரும் எண்ணும் `=COUNTA(H2:H500)` தரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் ஏதோ எழுத்தாகவே நிற்கிறது. 31/4/2024 போல இல்லாத தேதியை யாரோ எழுதியிருப்பார்.

நோட்டில் ‘பங்குனி 21’ என்று தமிழ்த் தேதி இருந்தால் சூத்திரம் தேட வேண்டாம். தமிழ் மாதப் பிறப்பு எல்லா மாதமும் ஒரே ஆங்கிலத் தேதியில் வராது. மாதத்தின் நாள்களும் 29-லிருந்து 32 வரை மாறும். அந்த ஆண்டின் தினசரிக் காலண்டரைப் புரட்டிக் கையால் மாற்றுவதுதான் சரி. 2024-இல் சித்திரை 1 ஏப்ரல் 14-இல் வந்தது. அதை நங்கூரமாக வைத்து முன்பின் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எடை: 2-50 என்றால் எவ்வளவு?

தேதியைவிட இதுதான் கடினம். ஏனென்றால் இங்கே கம்ப்யூட்டர் மட்டுமல்ல, எழுதியவரே இரண்டு பொருளில் எழுதுகிறார். 2-500 என்றால் இரண்டு கிலோ ஐந்நூறு கிராம், சந்தேகமில்லை. 2-50? சிட்டை எழுதுபவர் ஒருவருக்கு அது இரண்டு கிலோ ஐம்பது கிராம். இன்னொருவருக்குக் கடைசிப் பூஜ்யத்தை விட்ட இரண்டரைக் கிலோ. வித்தியாசம் 450 கிராம். கிலோ 600 ரூபாய் என்றால் 270 ரூபாய். முகூர்த்த நாளில் விலை ஏறினால் இன்னும் கூடும்.

ஆகவே கோட்டுக்குப் பின் மூன்று இலக்கம் இருக்கும் வரிகளை மட்டும் சூத்திரத்திடம் விடுங்கள். மற்றவற்றுக்கு அது ‘பார்’ என்று எழுதட்டும்:

```
=IF(ISNUMBER(FIND("-",D2)),
 IF(LEN(D2)-FIND("-",D2)=3,
  LEFT(D2,FIND("-",D2)-1)+RIGHT(D2,3)/1000,
  "பார்"),
 VALUE(D2))
```

இது I2-இல். இது வேலை செய்வது D பத்தி எழுத்தாக இருப்பதால்தான். கோப்பைத் தட்டித் திறந்திருந்தால் 2-5 என்பது இதற்குள் மே 2 ஆகவோ பிப்ரவரி 5 ஆகவோ மாறியிருக்கும். 2-75 என்பது 1975 பிப்ரவரி ஆகும். அதன் உள்ளெண் 27426. எடையைக் கூட்டினால் ஒரு வரிக்கு இருபத்தேழாயிரம் கிலோ மல்லி வந்து சேரும். அதே பத்தியில் 2-750 என்று முழுதாக எழுதிய வரி தேதியாகாமல் எழுத்தாக நிற்கும். `SUM` எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒரு வரி கூட்டலை ஊதிவிட, பக்கத்து வரி காணாமல் போகிறது. எடை மொத்தம் நம்ப முடியாத அளவு பெரிதாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

‘பார்’ வரிகளுக்கு விடை அதே வரியில் இருக்கிறது: விலையும் தொகையும். 102-ஆம் சிட்டையில் எடை 2-50, விலை 600, தொகை 1230. 1230-ஐ 600-ஆல் வகுத்தால் 2.05. ஆக இரண்டு கிலோ ஐம்பது கிராம், I-இல் 2.050. அங்கே தொகை 1500 என்று இருந்திருந்தால் இரண்டரைக் கிலோ. 103-இல் 2-5, விலை 400, தொகை 1000, வகுத்தால் 2.5. இரண்டரைக் கிலோதான், ஐந்து கிராம் அல்ல. தொகையும் எழுதப்படாத வரி என்றால் ஊகிக்காதீர்கள். எடை போட்டவரையோ சரக்கு கொண்டுவந்த விவசாயியின் கையில் இருக்கும் சிட்டையையோதான் கேட்க வேண்டும். கேட்கும் வரை I வெறுமையாக இருக்கட்டும்.

தொகை

இங்கே வேலை சுலபம், ஒரு பள்ளத்தைத் தவிர. ‘ரூ.1230’ என்பதில் ‘ரூ’ மட்டும் நீக்கினால் மிச்சம் `.1230`. எக்செல் அதைப் பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு மூன்று என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரத்து இருநூற்று முப்பது ரூபாய் பன்னிரண்டு காசு ஆகிவிடும். புள்ளியோடு சேர்த்தே நீக்க வேண்டும், அதுவும் முதலில்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 TRIM(F2),"ரூ.",""),"₹",""),"/-",""),",",""))
```

இது J2-இல். காற்புள்ளியையும் நீக்கிவிடுவதால் 1,25,000 என்று எழுதியிருந்தாலும் 125,000 என்று எழுதியிருந்தாலும் ஒரே எண்தான். ‘1.25 லட்சம்’ என்று இருக்கும் வரி `#VALUE!` காட்டும். அதைப் பார்த்து 125000 என்று அடியுங்கள். 12-50 என்று ரூபாய், காசு எழுதும் பழைய வழக்கம் இருந்தால் அதுவும் `#VALUE!` ஆகலாம், அல்லது தேதியாக எடுக்கப்பட்டு பெரிய எண்ணாக வரலாம்; அடுத்த சோதனையில் தப்பாது.

நம் ஊர்க் காற்புள்ளி வர, J பத்திக்கு `Format Cells`, `Custom` போய் இதை ஒட்டுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

காசு தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் `.00` சேர்க்கலாம். இதற்கு ஒரு குறை உண்டு: கழிவுத் தொகைகள், அதாவது லட்சத்துக்கு மேற்பட்ட குறை எண்கள், மேற்கத்திய முறையில் மூன்று மூன்றாகவே பிரியும். கமிஷன் கடைக் கணக்கில் அது அபூர்வம். வந்தால் விண்டோஸின் `Region` அமைப்பை `English (India)` ஆக்கிவிட்டுச் சாதாரண `#,##0` போடுங்கள். அது இரு பக்கமும் சரியாகப் பிரிக்கும்.

மூன்றையும் ஒன்றாகச் சோதிப்பது

K2-இல் இதைப் போடுங்கள்:

```
=ABS(I2*E2-J2)>1
```

எடையை விலையால் பெருக்கியது தொகையோடு ஒரு ரூபாய்க்குள் ஒத்துப்போனால் `FALSE`. காசை முழு ரூபாயாக்கும் வழக்கத்துக்காகத்தான் அந்த ஒரு ரூபாய் இடம். `TRUE` வந்த வரிகளையும் `#VALUE!` வந்த வரிகளையும் மட்டும் வடிகட்டி எடுத்து, அசல் பத்திகளோடு ஒப்பிடுங்கள். 104-ஆம் சிட்டை இதில் தேறும்: 2.75 × 600 = 1650. அதே வரியில் யாராவது 2.075 என்ற பொருளில் 2.75 எழுதியிருந்தால் 405 ரூபாய் இடித்திருக்கும். கோடு போட்டவர்கள் மட்டுமல்ல, புள்ளி போட்டவர்களும் செய்யும் பிழையை இந்த ஒரு பெருக்கல் பிடிக்கிறது. எடையும் தொகையும் இரண்டும் சேர்ந்தே தவறாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் இதற்குத் தெரியாது.

அசல் கோப்பு இல்லாமல், புரண்ட தாள் மட்டும் இருந்தால்

சில சமயம் `.csv` அழிந்துபோயிருக்கும். அமெரிக்க முறையில் திறந்து சேமித்த எக்செல் தாள்தான் மிச்சம். அங்கே எண்ணாக மாறிய தேதிகளில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றலாம்:

```
=DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2))
```

இதைப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள். எண்ணாக மாறிய தேதி எதிலாவது நாள் 12-க்கு மேல் இருக்கிறதா? `=IF(ISNUMBER(B2),DAY(B2)>12)` என்று ஒரு பத்தி ஓட்டினால் தெரியும். ஒன்றுகூட இருந்தால் அந்தத் தாளில் சில வரிகள் சரியான முறையிலும் ஏறியிருக்கின்றன என்று பொருள். இரண்டு கம்ப்யூட்டரில் மாறி மாறி ஏற்றியிருப்பார்கள். அங்கே மொத்தமாக இடம் மாற்றினால் சரியானவை கெடும். அதிலும் `DATE` பதின்மூன்றாம் மாதத்தைப் பிழை என்று சொல்லாது. அடுத்த ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கும். அப்படிப்பட்ட தாளில் சிட்டை எண் வரிசையை வைத்து, முன்பின் தேதிகளுக்கு இடையில் எது பொருந்துகிறது என்று வரி வரியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த மாதம்

ஏற்றும் கம்ப்யூட்டரின் `Region` அமைப்பை `English (India)` ஆக்குங்கள். தேதிப் பத்திக்கு `Data Validation` போட்டு 01-04-2024 முதல் 31-03-2025 வரை என்று எல்லை கட்டுங்கள். ஆண்டு மாறி அடித்தால் கட்டம் ஏற்காது. எடைப் பத்திக்கு `Decimal`, 0 முதல் 200 வரை என்று வைத்தால் 2-5 அடித்தாலும் 2-500 அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடும். ஒட்டும் தரவை இந்தக் காவல் தடுக்காது, கையால் அடிப்பதை மட்டுமே தடுக்கும்; ஆகவே வாட்ஸ்ஆப்பிலிருந்து ஒட்டும் நாளில் K பத்திச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும்.

சிட்டைப் புத்தகத்தை அடுத்த முறை அச்சடிக்கும்போது எடைக்கு ஒரே கட்டம் விடாமல், ‘கிலோ’ என்று ஒரு கட்டமும் ‘கிராம்’ என்று மூன்று சிறு கட்டமும் போடச் சொல்லுங்கள். மூன்று கட்டம் கண் முன்னால் இருந்தால் ஐம்பது கிராமை 050 என்றுதான் எழுத வரும்.